மகளின் வாவிப் படம் பார்த்த மாமா எழுதுவது

மகள், நீங்கள் கீறி, அம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய வாவிப் படத்தை நேற்று இரவு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், சோறு ஆறிப்போய் மாமியிடம் பேச்சும் வாங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது அந்த வலை வீசுகிற ஆள். வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துப் பிடித்திருக்கிறார், பின்கால் குதி தோணியை விட்டுக் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. இதெல்லாம் நின்று பார்த்த ஆளுக்குத்தான் தெரியும். நான் உங்கள் வயதில் எதைக் கீறச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன்தான் கீறுவேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கே மலை இருக்கிறது, சொல்லுங்கள்! நீங்கள் கல்லடிப் பாலத்தையும் வாவியையும் கீறியிருக்கிறீர்கள், தண்ணீருக்கும் நீலத்தை மட்டும் பூசாமல் பச்சையும் மண்ணிறமும் கலந்திருக்கிறீர்கள். வாவி அப்படித்தானே இருக்கும்.

கையைக் கீறிய இடத்தில் நாலைந்து தரம் அழித்துத் தாள் தேய்ந்திருப்பது தெரிகிறது. கை கஷ்டம்தான், எனக்கு இப்போதும் வராது. ஆனால் கடைசியாகக் கீறிய கை வலையை உண்மையாகவே இழுக்கிற மாதிரி இருக்கிறது, அழித்தது வீண்போகவில்லை.

சரி, இனி ஒரேயொரு விஷயம். தோணியைப் பாருங்கள், அது தண்ணீருக்கு மேலே வைத்த மாதிரி நிற்கிறதா, தண்ணீருக்குள் கொஞ்சம் அமிழ்ந்து நிற்கிறதா? எனக்கு மேலே வைத்த மாதிரித்தான் தெரிகிறது. இதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, ஒரு சிரட்டையை மிதக்கவிட்டு, உள்ளே இரண்டு சின்னக் கல்லைப் போடுங்கள். பிறகு குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பாருங்கள். சிரட்டையின் அடிப்பக்கம் உங்களுக்குத் தெரியாது, தண்ணீர் அதை மறைத்துவிடும். தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு கறுத்த கோடு இருக்கும், அதற்கு நேர் கீழே சிரட்டை தலைகீழாகத் தெரியும். அப்புறம் விரலால் தண்ணீரை லேசாகத் தட்டுங்கள். அந்தத் தலைகீழ்ச் சிரட்டை என்ன ஆகிறது என்று நான் சொல்லமாட்டேன், நீங்கள் பார்த்ததைச் சித்திரக் கொப்பியில் பென்சிலால் சின்னதாகக் கீறுங்கள், கலர் தேவையில்லை. நிலா தண்ணீரில் விழுகிறதே, அதையும் பிறகு அப்படியே யோசித்துப் பார்க்கலாம்.

இந்தப் படத்தில் கை வைக்க வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும், பின்பக்கம் இன்றைய திகதியை மட்டும் எழுதி வையுங்கள். தோணியை அடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பாலத்துக்கு மேலே சிவப்புச் சட்டையோடு சின்னதாக ஒரு ஆள் நிற்கிறாரே, அது அப்பாவா? வயிற்றைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.