எஸ்தர் அக்காவுக்கு, தாத்தாவின் பைபிளில் இருந்த அட்டை பற்றி

கோயம்புத்தூர்
9.12.2024

அன்புள்ள எஸ்தர் அக்காவுக்கு,

மீனா எழுதுகிறேன். தாத்தாவின் பைபிளில் இருந்த ஜெர்மன் அட்டையைப் படித்துச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதம் போன செவ்வாய் வந்தது. தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களும் அதற்கு முன்பே வந்துவிட்டன. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்தக் கையெழுத்து என்னை மூன்று ராத்திரி உட்கார வைத்துவிட்டது.

நான் பிழைப்புக்கு மொழிபெயர்ப்பது நூற்பு மெஷின்களின் கையேடுகள். அதெல்லாம் அச்செழுத்து. உங்கள் அட்டையில் இருப்பது கூரெண்ட் என்கிற பழைய ஜெர்மன் கையெழுத்து. இன்றைய ஜெர்மன் பிள்ளைகளிடம் கொடுத்தாலும் விழிப்பார்கள். 1941இல் பள்ளிகளில் இந்த வகை எழுத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பு படித்தவர்கள் மட்டும் சாகும்வரை இப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். இதில் ஆங்கில 'இ' எழுத்து 'என்' மாதிரி இருக்கும். 'யு'வும் 'என்'னும் ஒரே அச்சு என்பதால் 'யு'வின் தலையில் ஒரு சின்ன வளைவு போடுவார்கள். அந்த வளைவுகளைப் பிடித்துக்கொண்டுதான் நான் கரையேறினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். இந்த அட்டை உங்கள் தாத்தாவுக்கு எழுதியதல்ல. தாத்தா சமையல்காரராக இருந்த பங்களாவின் ஜெர்மன் மிஸ்ஸியம்மா ஊருக்குப் போனபிறகு அவருக்குப் போட்ட வாழ்த்து என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லுவோம் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் அப்படி நினைத்தீர்கள் என்பது படத்தைப் பார்த்ததுமே புரிந்தது. கூரெண்டில் எழுதுகிறவர்கள் வெளிநாட்டுப் பெயர் வந்தால் அதை மட்டும் சாதாரண ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கம் உண்டு. அதனால் அட்டை முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்க, 'தரங்கம்பாடி', 'யேசுதியான்' என்ற இரண்டு பெயர்கள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. ஆள் பெயர் என்று படிக்க முடிந்தது தாத்தா பெயர் ஒன்றுதான். அப்படியானால் அட்டை அவருக்குத்தானே!

எழுதியவர் கெர்ட்ரூட். எழுதப்பட்டது தரங்கம்பாடியிலேயே தங்கிவிட்ட மார்த்தா என்ற இன்னொரு மிஸ்ஸியம்மாவுக்கு. தமிழில் இப்படி வருகிறது:

"லைப்சிக், முதல் அட்வென்ட் ஞாயிறு, 1956.

அன்பு மார்த்தா,

உனக்கும் தரங்கம்பாடி பங்களாவில் இருக்கும் எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். சூயஸ் அடைபட்டதால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன என்கிறார்கள். இது உன் கைக்கு வரும்போது ஈஸ்டரே வந்துவிடுமோ என்னவோ. இன்று ஜன்னலில் நட்சத்திரம் தொங்கவிட்டோம். வெளியே ஈரமும் இருட்டும். நிலக்கரியை எண்ணி எண்ணிப் போடுகிறோம், உங்கள் கடற்கரை வெயிலை நினைத்துக்கொள்கிறேன். என் முழங்கால் முன்போல இல்லை.

நம் பழைய யேசுதியானுக்கு என் வாழ்த்தைச் சொல். மண் அடுப்பில், பாதாமுக்குப் பதிலாக முந்திரி போட்டு அவர் ஸ்டோலன் சுட்டார் என்றால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை. இந்த வருஷம் எங்களுக்குத் திராட்சை கிடைத்தது, பாதாம் கிடைக்கவில்லை. அவர் இருந்திருந்தால்…

உன் கெர்ட்ரூட்"

'அவர் இருந்திருந்தால்' என்பதற்குப் பிறகு இரண்டு சொல் இருக்கிறது. ஃப்ளாஷ் வெளிச்சம் சரியாக அந்த மடிப்பில் விழுந்து அழித்துவிட்டது.

இடது ஓரத்தில், அட்டையைத் திருப்பிப் பிடித்தால், செங்குத்தாக ஒரு வரி இருக்கிறது. அது அலங்காரக் கோடு என்று நினைத்திருப்பீர்கள். "நீ எழுதியிருந்தாயே, அவருடைய சின்னவளின் இருமல், அது நின்றதா?" பெண் குழந்தை என்பது ஜெர்மன் இலக்கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. 1956இல் சின்னவள் என்றால் உங்கள் அம்மாவா, கிரேஸ் சித்தியா?

மொழிபெயர்ப்பில் நான் செய்த ஒரு காரியத்தை மறைக்க விரும்பவில்லை. தாத்தாவை 'அவர்' என்று போட்டிருக்கிறேன். ஜெர்மனில் அந்த இடத்தில் 'எர்' என்ற ஒரே சொல்தான். அவனும் அதுதான், அவரும் அதுதான். அந்தக் காலத்து மிஸ்ஸியம்மா பங்களா சமையல்காரரைத் தமிழில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. ஆகவே அந்த மரியாதை நான் கொடுத்தது, கெர்ட்ரூட் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 'பழைய' என்பதும் அப்படித்தான். கிழவர் என்றும் எடுக்கலாம், ரொம்ப நாள் பழகியவர் என்றும் எடுக்கலாம். அப்போது கைக்குழந்தையோ சிறுமியோ வீட்டில் இருந்த ஆளைக் கிழவர் என்பானேன் என்று இரண்டாவதை எடுத்தேன். ஆனால் ஓரத்தில் இடம் தேடி அந்த இருமலை விசாரித்திருக்கிறாரே, அதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சூயஸ் விஷயம் உண்மை. அந்த நவம்பரில் அடைபட்ட கால்வாயை 1957 ஏப்ரலில்தான் திறந்தார்கள். அட்டை எப்போது வந்து சேர்ந்ததோ! வந்ததும் மார்த்தா அம்மா அந்த வரிகளைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டி, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். வேறு எப்படி அது தாத்தாவின் பைபிளுக்குள் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி ஸ்டோலன். அது சாக்சனி பக்கத்துக் கிறிஸ்துமஸ் ரொட்டி. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவில் வெண்ணெய், திராட்சை, பாதாம் சேர்த்து, மடித்துச் சுட்டு, சூட்டோடு உருக்கிய வெண்ணெய் தடவி, மேலே சீனிப்பொடியைக் கொட்டி மூடிவிடுவார்கள். துணி சுற்றிய குழந்தை மாதிரி இருக்கும். குழந்தை இயேசு என்றே சொல்வார்கள். இதை வாசிக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? நாலு வருஷத்துக்கு முன்னால் பொறையார் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு எனக்குப் பார்சல் அனுப்பினீர்களே, 'தாத்தா ரொட்டி'! முந்திரி போட்டது, மேலே சீனி உதிர்ந்து அட்டைப்பெட்டி முழுக்க வெள்ளையாக இருந்தது. ஏன் நடுவில் மடித்திருக்கிறது என்று கேட்டேன், அம்மா அப்படித்தான் செய்வாங்க என்று எழுதினீர்கள். அதுவும் இதுவும் ஒன்று என்று சத்தியம் பண்ண மாட்டேன். அம்மாவிடம் கேளுங்கள், அந்த ரொட்டிக்கு வீட்டில் வேறு பெயர் ஏதாவது இருந்ததா என்று. 'ஸ்டோல்' என்று தொடங்குகிற மாதிரி எதையாவது சொன்னால் உடனே எனக்குப் போன் பண்ணுங்கள், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அட்டையை இன்னொரு முறை படம் எடுக்கச் சொல்லுங்கள். காலை வேளையில் ஜன்னலோரம் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்கட்டும். மை மங்கியிருந்தாலும் பேனா அழுத்திய பள்ளம் தெரியும். மடிப்பை விரல் வைத்து அழுத்த வேண்டாம், காகிதம் அங்கே விட்டுப்போகும் போலிருக்கிறது. பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கட்டும். பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், லேமினேஷன் கூடவே கூடாது. பைபிளுக்குள் வைத்தபடியே இருக்கட்டும், இத்தனை வருஷம் அங்கேதானே பத்திரமாக இருந்தது.

ஜெர்மன் வரிகளை இன்றைய எழுத்தில் பிரதி எடுத்து, கீழே தமிழ் உச்சரிப்பும் எழுதித் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். பேத்தி வாசித்துக் காட்டினால் அம்மா கேட்கட்டும். 'கிரூஸ் மிர் டென் ஆல்ட்டன் யேசுதியான்' என்ற வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன்.

இங்கே பனி கொட்டுகிறது, இவருக்குச் சளி. உங்கள் கண் ஆபரேஷன் ஜனவரிக்குத் தள்ளிப்போனதா, இல்லையா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இந்த வருஷம் ரொட்டி செய்தால் எனக்கு ஒரு துண்டு போதும், முழுசாக அனுப்பிச் செலவு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அன்புத் தங்கை,
மீனாட்சி

பி.கு.: மறைந்த அந்த இரண்டு சொல்லில் முதலாவது 'எம்' எழுத்தில் தொடங்குகிறது. 'மண்டெல்' என்றால் பாதாம். அதுவாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். படம் வரட்டும், சொல்கிறேன்.