நீடாமங்கலம் வீடு: பராமரிப்புக் குறிப்பு

அண்ணன், அண்ணி, அப்பாயி எல்லோருக்கும் வணக்கம்.

சாவிக் கொத்தோடு இந்தக் கடிதத்தையும் கோப்பில் வைத்திருக்கிறேன். புதுமனை புகுவிழா அன்று கூட்டத்தில் எதையும் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வீட்டில் எல்லோரும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

முதலில் மண்ணைப் பற்றி. நம் மனை முழுக்கக் களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் வயலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. அதனால்தான் 12 அடி ஆழத்துக்குக் குழி துளைத்து, அடியில் குடம் போல் அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் தூண் இறக்கினோம். வீட்டின் பாரம் மேல்மண்ணில் உட்காராமல், ஈரம் அதிகம் மாறாத ஆழத்துக்குப் போய்விடும். ஆனாலும் வீட்டைச் சுற்றியுள்ள மண் ஒரு பக்கம் நனைந்து ஒரு பக்கம் காய்ந்தால் தொந்தரவுதான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், வயலைப் பார்த்த பின்பக்க மண் முதலில் ஊறும். முன்வாசல் பக்கம் மழை வரும்வரை காய்ந்தே கிடக்கும். அந்த மாதங்களில் பின்கட்டு அறைக் கதவு லேசாகப் பிடித்தால் பயப்பட வேண்டாம், உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கவும் வேண்டாம். இழைத்துவிட்டால் மாசியில் இடைவெளி விழுந்துவிடும்.

வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சாய்வாகத் தளம் போட்டிருக்கிறோம். இது அழகுக்காகப் போட்டதில்லை. கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரத்தில் இறங்காமல் தள்ளி விழுவதற்குத்தான். தளமும் சுவரும் சேரும் இடத்தில் தார் ஊற்றியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசியில், அந்த ஓரத்தை நடந்து பாருங்கள். தார் விலகியிருந்தால் அடைத்துவிட வேண்டும். அந்தத் தளத்தை உடைத்துப் பூச்செடி வைக்கும் ஆசை மட்டும் யாருக்கும் வரக்கூடாது.

மரம் என்றதும் அப்பாயி முகம் வாடியது நினைவிருக்கிறது. மரம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வேம்பு, வாகை, அரசு போன்றவை மண்ணின் ஈரத்தை வெகுதூரம் வரை உறிஞ்சும். முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ, சுவரிலிருந்து அவ்வளவு தள்ளி நடுங்கள். கொல்லைக் கோடியில் அதற்கு நிறைய இடம் இருக்கிறது. முருங்கையை ஓட்டுக்கு மேல் சாயாத இடத்தில் வையுங்கள், அதன் கிளை சுலபமாக முறியும். பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குத்தான் போகிறது, சந்தோஷம். கட்டையைச் சுவருக்குப் பத்தடி விட்டே வையுங்கள். நாள் முழுக்க ஒரே மூலை ஈரமாக இருக்கக்கூடாது.

முதல் இரண்டு வருடம் சுவரில் முடி போன்ற கீறல்கள் வரும். சுண்ணாம்புப் பூச்சுக்கு அது இயல்பு. கீறலின் இரு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிடுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு அகன்றாலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறினாலோ அன்றைக்கே எனக்குப் போன் செய்யுங்கள். மற்றதைச் சித்திரை வைகாசியில் அடைக்கவே கூடாது. மண் சுருங்கியிருக்கும்போது அடைத்தால், மழையில் திரும்ப உப்பும்போது பூச்சு நசுங்கிப் பிதுங்கும். ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். யாராவது வந்து, "இப்படி வெள்ளையாகவே விட்டுட்டீங்களே, பட்டி பார்த்து எமல்ஷன் அடிச்சா பளபளன்னு இருக்குமே" என்பார்கள். கேட்காதீர்கள். இந்தப் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். சுவர் குடிக்கும் ஈரம் பூச்சு வழியாக வெளியேறியாக வேண்டும், சுண்ணாம்பு அதை வெளியே விடும். எமல்ஷன் அடைத்துவிடும், பிறகு உள்ளே ஊறிச் சுவர் பொரிந்து கொட்டும். அதே காரணத்துக்காக, எங்கேனும் பெயர்ந்தால் சிமெண்ட் கலவையால் ஒட்டுப்போட வேண்டாம். கொத்தனாரிடம் சுண்ணாம்பும் மணலும் என்று சொல்லிவிடுங்கள், அவருக்குப் பழக்கம்தான். தரையோரம் வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

போகிக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். சுண்ணாம்புக்கும் குளிர்ந்த பருவம் தோதானது, மெதுவாகக் காய்ந்தால்தான் பிடிக்கும். அந்த ஆண்டு மழை மார்கழி வரை இழுத்தால் தைக்குத் தள்ளிப்போடுங்கள். சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, சுவரில் தண்ணீர் தெளித்த பிறகு இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சாக அடித்தால் கை பட்டதும் மாவாக உதிரும். தாத்தா படத்துக்கு ஆணி அடிக்காதீர்கள், பூச்சு பாளமாக வரும். கூடத்தில் ஏழடி உயரத்தில் மரச்சட்டம் ஓட விட்டிருப்பது அதற்காகத்தான், அதில் கொக்கி மாட்டலாம்.

முற்றத்தைச் சுற்றியுள்ள ஓட்டுக்கூரையில் இரண்டு சரிவு சேரும் கூடுவாய் நான்கு இருக்கின்றன. வீடு ஒழுகினால் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். இலையும் அணில் கூடும் அடைத்துத் தண்ணீர் பின்னால் ஏறும். புரட்டாசிக் கடைசியில் சுத்தம் செய்ய ஆள் ஏற்றுங்கள். ஆள் ஓட்டின் மேல் நேரடியாக மிதிக்காமல், பலகை போட்டு அதன் மேல் நடக்க வேண்டும். தேங்காய் பறிக்க வருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். 2018-ல் கஜா வந்தபோது இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் ஓடு பறந்தது என்று நீங்களே பார்த்தவர்கள். அதனால் ஓரத்து இரண்டு வரிசையையும் முகட்டு ஓட்டையும் கம்பியால் ரீப்பரோடு கட்டியிருக்கிறோம். உடைந்த ஓட்டை மாற்றும்போது அந்தக் கம்பியைத் திரும்பக் கட்டினாரா என்று கீழே நின்று கேளுங்கள். மாற்று ஓடுகள் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கின்றன. வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.

மொட்டைமாடியில் உளுந்து, நெல் காயப்போடலாம். அள்ளிய பிறகு மழைக்குழாய் வாயைக் கையால் தடவிப் பாருங்கள், சிந்திய மணி அங்கே முளைத்து அடைத்துக்கொள்ளும்.

செப்டிக் டேங்க் பற்றி ஒன்று. மழைக்காலத்தில் அதைக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் நீர்மட்டம் ஏறியிருக்கும்போது காலித் தொட்டியை அடிநீர் மேலே தூக்கிவிடும், குழாய் இணைப்பு எல்லாம் முறியும். மாசி, பங்குனிதான் ஏற்ற நேரம். கழிவறையில் ஆசிட் ஊற்றினால் தொட்டிக்குள் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர் செத்துவிடும், சோப்புத் தண்ணீர் போதும். கூடத்து ஆத்தங்குடிக் கல்லுக்கும் ரெட் ஆக்சைடு தரைக்கும் ஆசிட் ஆகாது. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு கூடிக்கொண்டே போகும்.

முற்றத்துத் தேக்குத் தூண்களின் அடிக்கல்லில் மண் கோடு தெரிகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள், கரையான் அப்படித்தான் ஏறும். வைக்கோலையும் விறகையும் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். மின் பெட்டியில் ‘டெஸ்ட்’ என்று இருக்கும் பொத்தானையும் மாதம் ஒரு முறை அழுத்த வேண்டும். கரண்ட் டக்கென்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எலெக்ட்ரீஷியனை அன்றைக்கே வரச்சொல்லுங்கள், ஈரக் காலத்தில் அதுதான் உயிரைக் காப்பது.

தெருவுக்கு மேல் மூன்றடி உயர்த்தித்தான் தரை போட்டோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட வந்தால் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். திண்ணைக்குச் சமமாகத் தெரு ஏறிவிட்டால் நான் செய்ததெல்லாம் வீண்.

வரைபடம், குழாய் போகும் பாதையின் போட்டோக்கள், கொத்தனார், ஆசாரி, எலெக்ட்ரீஷியன் எண்கள் எல்லாம் கோப்பின் கடைசியில் இருக்கின்றன. பொங்கல் கழிந்து ஒரு முறையும், வைகாசியில் ஒரு முறையும் பென்சில் கோடுகளைப் பார்க்க வருகிறேன். முதல் அடைமழை அன்று குடையோடு வீட்டைச் சுற்றி வந்து, எங்கே தண்ணீர் நிற்கிறதோ அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். சாய்வில் குறை இருந்தால் கொத்தனாரை அந்த வாரமே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை பூங்கொடி
ஆர்க்கிடெக்ட், கும்பகோணம்