பிரபு தம்பிக்கு, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். மைக் பிடித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்.

பிரபு தம்பி, நீ இந்தக் கம்பெனிக்கு வந்து ஆறு வருஷம். ஆறு வருஷமும் எதிர் மேசை நான். குரூப் 4 பாஸ் பண்ணி, கவுன்சிலிங்கில் வருவாய்த் துறை இளநிலை உதவியாளர் வேலையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். எங்கள் செக்‌ஷனிலிருந்து அரசு வேலைக்குப் போகும் முதல் ஆள் நீதான். உங்கள் அம்மா சந்தோஷப்பட்டதில் பாதியாவது நான் பட்டிருப்பேன்.

உன்னுடைய இரண்டாவது டிராயர் எல்லாருக்கும் தெரியும். மேலே இன்வாய்ஸ் ஃபைல், அடியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்கள், பிரவுன் அட்டை போட்டு. கணக்கு உனக்குத் தண்ணிபட்ட பாடு. தமிழ்தான் இழுத்தது. 200 கேள்வியில் 100 தமிழ் என்றால் விட்டுவிட முடியுமா? சனிக்கிழமை கூலிக் கவரில் பணம் எண்ணிப் போட்டுக்கொண்டே இருப்பாய், நான் புத்தகத்தை விரித்து வைத்துக் கேட்பேன். "வினைத்தொகைக்கு ஒரு உதாரணம் சொல்லு." "ஊறுகாய், அக்கா." கவரில் ஒரு ரூபாய் தப்பாது, பதிலும் தப்பாது.

ஒரு விஷயத்தை எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பரீட்சை. முந்தின நாள் கூலிப் பட்டுவாடா, அதோடு தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கண்டெய்னர். "தம்பி, இந்த பேக்கிங் லிஸ்ட்டை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்று கேட்டது நான்தான். நீ வீட்டுக்குப் போகும்போது மணி பதினொன்றரை. ரிசல்ட்டில் மூன்று கேள்வியில் விட்டுப்போனது. மூன்று கேள்வி என்றால் நாலரை மார்க். நீ ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல வந்து இ-வே பில் போட்டாய். அந்த நாலரை மார்க் என் மனதில் ஒரு வருஷம் உறுத்திக்கொண்டே கிடந்தது. மன்னித்துவிடு தம்பி.

அடுத்த பரீட்சை 2025 ஜூலை 12. அதுவும் சனிக்கிழமை, கூலி நாள். வியாழக்கிழமையே உன்னை லீவு எழுத வைத்து அனுப்பினேன். கூலிக் கவர் முழுவதையும் நானும் மகேஸ்வரியும் போட்டோம். ஒன்பதரை மணிக்குப் பேப்பர் கையில் கொடுத்திருப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன்.

இப்போது ஒன்று கேட்கப்போகிறேன், அக்காவாக. என் வீட்டுக்காரர் போன பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தேன். முதல் தடவை ஒரு காகிதம் இல்லை என்றார்கள். அதைக் கொண்டுபோனால் இன்னொன்று இல்லை என்றார்கள். அதையும் கொண்டுபோன அன்றைக்கு, பார்க்க வேண்டியவர் லீவு. ஒவ்வொரு தடவையும் எனக்கு அரைநாள் சம்பளம் போனது. சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது, நிமிர்ந்தே பார்க்கவில்லை. இனி உன் மேசைக்கு முன்னால் அப்படி ஒருத்தி வந்து நிற்பாள். என்னென்ன காகிதம் வேண்டும் என்று முதல் தடவையே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடு. "உட்காருங்கம்மா" என்று சொல். கூலி சரியாக வரவில்லை என்று அழுதுகொண்டு வந்த தையல்காரம்மாவை உட்கார வைத்து, பீஸ் கணக்கை வரிவரியாகக் காட்டிப் புரியவைத்தவன் நீ. அதே மாதிரி அங்கேயும் இரு. எனக்கு அது போதும்.

சம்பளம், பிடித்தம், பதவி உயர்வு பற்றியெல்லாம் மேனேஜர் சார் பேசிவிட்டார், நான் திரும்பச் சொல்லவில்லை. சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே மாதிரி ஷிப்மென்ட் நேரத்தில் டீயும் பன்னுமாக ஓட்டாதே.

இந்தப் பெட்டி நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து வாங்கியது. பவானிசாகர் பயிற்சிக்குப் போகும்போது துணி வைத்துக்கொள்ள ஆகும். உள்ளே ஒரு போர்வை இருக்கிறது, நம்ம யூனிட்டில் தைத்ததுதான். ஓரம் மடித்தது அந்தத் தையல்காரம்மா.

போவதற்கு முன்னால் இரண்டாவது டிராயர் சாவியை என்னிடம் கொடுக்க வேண்டாம், மகேஸ்வரியிடம் கொடு. புத்தகங்களையும் அப்படியே அதில் வைத்துவிட்டுப் போ. அடுத்த குரூப் 4-க்கு அவள் எழுதப்போகிறாள். நேற்று டீ நேரத்தில் ஆகுபெயர் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள்.