வரி வதிவிடச் சான்றிதழ் கோரும் விண்ணப்பக் கடிதம், ஆவணப் பட்டியல், நினைவூட்டுக் கடிதம்

1. விண்ணப்பக் கடிதம்

திருப்பூர்
14-07-2025

அனுப்புநர்
செ. கதிரேசன்,
உரிமையாளர், ஜக்கார்டு வடிவமைப்பு மென்பொருள் தொழில்,
திருப்பூர்.
(பான் எண், முழு முகவரி, கைபேசி எண் ஆகியவை இணைத்துள்ள படிவம் 10எஃப்ஏ-வில் உள்ளன.)

பெறுநர்
வருமான வரி அலுவலர் அவர்கள்,
எனது பான் எண்ணுக்குரிய மதிப்பீட்டு வார்டு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: 2024-25, 2025-26 ஆகிய இரு நிதியாண்டுகளுக்கு வரி வதிவிடச் சான்றிதழ் (படிவம் 10எஃப்பி) தனித்தனியே வழங்கக் கோருதல்.

பார்வை: வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 90, வருமான வரி விதிகள் 1962, விதி 21ஏபி.

நான் உருவாக்கிய ஜக்கார்டு வடிவமைப்பு மென்பொருளை இந்தோனேசியாவின் பாண்டுங் நகரிலுள்ள நெசவாலை ஒன்று உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறது. உரிமக் கட்டணம் மொத்தம் 48,000 அமெரிக்க டாலர். மூன்று தவணை: 20-03-2025 அன்று 12,000, 30-09-2025 அன்று 18,000, 15-12-2025 அன்று 18,000.

வெளிநாட்டவருக்குத் தரும் உரிமக் கட்டணத்தில் இந்தோனேசியா தன் உள்நாட்டுச் சட்டப்படி 20 சதவீதம் பிடிக்கிறது. 27-07-2012 அன்று கையொப்பமான இந்தியா–இந்தோனேசியா இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் பிரிவு 12-இன்படி அது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் குறைந்த விகிதம் கிடைக்க, நான் இந்தியாவின் வரி வதிவாளர் என்று இந்திய வரித் துறை சான்றளிக்க வேண்டும்.

முதல் தவணையின்போது என்னிடம் சான்றிதழ் இல்லை. 2,400 டாலர் பிடித்துவிட்டார்கள். ஒப்பந்தப்படி 1,200தான் பிடித்திருக்க வேண்டும். மீதி 1,200 டாலரை இங்கே வரவு கேட்கவும் வழியில்லை. விதி 128-இன்படி, ஒப்பந்த விகிதத்துக்கு மேல் வெளிநாட்டில் கட்டிய வரி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படாது. ஆகவே அதை இந்தோனேசியாவிலேயே திரும்பக் கேட்க வேண்டும். அடுத்த இரு தவணைகளிலும் இதுவே நடந்தால் மேலும் 3,600 டாலர் போய்விடும்.

இரண்டு ஆண்டுகளுக்குத் தனித்தனியே கேட்பதன் காரணம் இது: இந்தோனேசியாவின் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது; நம்முடையது ஏப்ரல்–மார்ச். அவர்களுக்கு ஒரே ஆண்டாகிய 2025-இல், மார்ச் தவணை நமது 2024-25-இலும் மற்ற இரண்டும் 2025-26-இலும் விழுகின்றன. ஒரே சான்றிதழ் இருந்தால் ஏதாவது ஒரு பக்கம் வெறுமையாக நிற்கும்.

நான் வதிவாளர் என்பதற்கான கணக்கு:

2024-25: 10-06-2024 முதல் 22-06-2024 வரை 13 நாள், 18-11-2024 முதல் 29-11-2024 வரை 12 நாள், ஆக 25 நாள் வெளிநாட்டில். புறப்பட்ட நாளையும் திரும்பிய நாளையும் வெளிநாட்டு நாளாகவே எண்ணியிருக்கிறேன். அப்படியும் இந்தியாவில் 340 நாள், 182-ஐத் தாண்டுகிறது. பிரிவு 6(1)(அ) பொருந்துகிறது.

2025-26: ஏப்ரல் 1 முதல் இன்று வரை 105 நாளில், 05-05-2025 முதல் 16-05-2025 வரையிலான 12 நாள் போக இந்தியாவில் 93 நாள். இதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளின் 1,461 நாளில் வெளிநாட்டில் 34 நாள் மட்டுமே, இந்தியாவில் 1,427. இந்த ஆண்டில் 60 நாள், முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் என்ற பிரிவு 6(1)(இ)-இன் இரண்டு நிபந்தனையும் நிறைவேறிவிட்டன. நான் வெளிநாட்டு வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றவன் அல்லன். எனவே 60 நாள் என்பது எனக்கு 182 ஆகாது.

சான்றிதழ் தயாராகும்போது நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பெயர். பான் அட்டையில் என் முன்னெழுத்து விரிந்து, தந்தை பெயர் கடைசிப் பெயராக அச்சாகியிருக்கிறது. கடவுச்சீட்டிலும் ஒப்பந்தத்திலும் அதே வடிவம்தான். சான்றிதழில் மட்டும் "செ. கதிரேசன்" என்ற வடிவம் வந்தால், ஒப்பந்த விகிதம் கோரி இந்தோனேசிய வரித் துறை இணையதளத்தில் பதிவேற்றும் டிஜிடி படிவத்திலுள்ள பெயரோடு ஒத்துவராது. தந்தை பெயரை முன்னெழுத்தாக்கும் நம் வழக்கம் அங்கே இல்லை. வேறோர் ஆள் என்றே பார்ப்பார்கள். பான் அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

காலம். மதிப்பீட்டு ஆண்டை மட்டும் குறிப்பிட வேண்டாம். "மதிப்பீட்டு ஆண்டு 2026-27" என்று பார்க்கும் வெளிநாட்டவர் 2026-ஆம் ஆண்டுக்கான சான்று என்று நினைத்து 2025-க்கான பணத்துக்குச் செல்லாது என்பார். "01-04-2024 முதல் 31-03-2025 வரை", "01-04-2025 முதல் 31-03-2026 வரை" என்று தேதியாகவே வேண்டும்.

மொழி. இக்கடிதம் தமிழில் இருந்தாலும் படிவம் 10எஃப்ஏ-வை ஆங்கிலத்தில் நிரப்பியுள்ளேன். சான்றிதழும் ஆங்கிலத்தில் வேண்டும். டிஜிடி படிவத்தின் இரண்டாம் பகுதியில் இந்திய அலுவலர் முத்திரையிடுவதற்குப் பதிலாக வதிவிடச் சான்றிதழை இணைக்க இந்தோனேசிய விதி அனுமதிக்கிறது, ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆகவே அந்த வெளிநாட்டுப் படிவத்தில் தங்கள் கையொப்பம் கேட்கவில்லை.

கையொப்பம். வழங்கிய தேதி, அலுவலர் பெயர், பதவி, ஆவண அடையாள எண் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். கிறுக்கலான கையெழுத்தும் மங்கிய ரப்பர் முத்திரையும் மட்டும் இருந்தால் பெயரைப் படிக்க முடியவில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. கதிரேசன்

2. இணைப்புப் பட்டியல்
(எல்லா நகல்களும் சுய சான்றொப்பமிட்டவை)

1. படிவம் 10எஃப்ஏ, இரண்டு. ஆண்டுக்கு ஒன்று. "நோக்கம்" என்ற இடத்தில் "இந்தியா–இந்தோனேசியா ஒப்பந்தம், பிரிவு 12, உரிமக் கட்டணம்" என்றும், "வதிவாளர் என்பதன் அடிப்படை" என்ற இடத்தில் உரிய பிரிவும் நாள் கணக்கும் எழுதப்பட்டுள்ளன.

2. பான் அட்டை நகல்.

3. கடவுச்சீட்டு: முதல், கடைசிப் பக்கங்களும் முத்திரை உள்ள எல்லாப் பக்கங்களும். 14-ஆம் பக்கத்தில் 22-06-2024 வருகை முத்திரை மங்கலாக உள்ளது. தேதியின் முதல் எண் சரியாக விழவில்லை. அதனால் அன்றைய சிங்கப்பூர்–கோயம்புத்தூர் போர்டிங் பாஸ் நகலை அதன் பின்னாலேயே வைத்துள்ளேன்.

4. 01-04-2021 முதல் 14-07-2025 வரையிலான பயண அட்டவணை, ஒரு பக்கம். ஒவ்வொரு வரியிலும் கடவுச்சீட்டுப் பக்க எண்.

5. மதிப்பீட்டு ஆண்டுகள் 2023-24, 2024-25-க்கான வருமான வரிக் கணக்கு ஒப்புகைகள், வருமானக் கணக்கீட்டுத் தாள்களுடன். மதிப்பீட்டு ஆண்டு 2025-26-க்கான கணக்கு இன்னும் தாக்கல் செய்யப்படவில்லை. தாக்கல் செய்ததும் ஒப்புகையைத் தருகிறேன்.

6. நெசவாலையுடனான உரிம ஒப்பந்தம், ஆங்கிலமும் இந்தோனேசிய மொழியும் பக்கத்துக்குப் பக்கம். தவணை அட்டவணை 7-ஆம் பக்கம்.

7. 20-03-2025 தவணைக்கான விலைப்பட்டியல், 2,400 டாலர் பிடித்ததற்கான இந்தோனேசியப் பிடித்தச் சான்று, 9,600 டாலர் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கறிக்கை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வசதியாக ஒன்றாகக் கோத்துள்ளேன்.

8. முகவரிச் சான்றாக மின் கட்டண ரசீது. படிவத்தில் கொடுத்த முகவரியே இதிலும் உள்ளது.

9. இந்தோனேசியாவில் எனக்கு அலுவலகமோ முகவரோ ஊழியரோ இல்லை என்ற உறுதிமொழி.

3. நினைவூட்டுக் கடிதம்

திருப்பூர்
25-08-2025

அனுப்புநர், பெறுநர்: முன் கடிதத்தில் உள்ளபடி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: வரி வதிவிடச் சான்றிதழ்: நினைவூட்டலும் வாய்மொழிக் கேள்விகளுக்கு எழுத்துமூலப் பதிலும்.

பார்வை: 14-07-2025 தேதியிட்ட என் விண்ணப்பம், அன்றே ஆயகர் சேவா கேந்திரத்தில் பெற்ற ரசீது (நகல் இணைப்பு 1).

விண்ணப்பம் கொடுத்து 42 நாள் ஆகிறது. 11-08-2025 அன்று நேரில் வந்தபோது இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. கோப்பில் இருக்கட்டும் என்று பதிலை எழுத்தில் தருகிறேன்.

முதல் கேள்வி: 2025-26 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கு எங்கே? அந்த ஆண்டு 31-03-2026 அன்றுதான் முடியும். அதற்கான கணக்கை அதற்குப் பிறகே தாக்கல் செய்ய முடியும். வதிவாளர் நிலையைப் பிரிவு 6-இன் நாள் கணக்குதான் தீர்மானிக்கிறது. விண்ணப்பத்தில் வாக்களித்தபடி 2024-25 நிதியாண்டுக்கான, அதாவது மதிப்பீட்டு ஆண்டு 2025-26-க்கான கணக்கை 09-08-2025 அன்று தாக்கல் செய்துவிட்டேன். ஒப்புகை இணைப்பு 2. இந்தோனேசிய வருமானம் அதன் வெளிநாட்டு வருமான அட்டவணையில் காட்டப்பட்டுள்ளது. வரி வரவு 1,200 டாலருக்கு மட்டுமே கோரியுள்ளேன், படிவம் 67-உம் தாக்கலாகிவிட்டது. ஆகவே 2024-25 சான்றிதழுக்கு இனி நிலுவை ஆவணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதையாவது முதலில் தனியே வழங்கினால் முதல் தவணையின் மீட்பு விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுவேன்.

இரண்டாம் கேள்வி: 182 நாள் முடியாமல் நடப்பு ஆண்டுக்கு எப்படிச் சான்றளிப்பது? 182 நாள் வரை காத்திருந்தால், இனிப் பயணமே செய்யாவிட்டாலும், 11-10-2025 ஆகிவிடும். இரண்டாம் தவணை 30-09-2025. ஆனால் எனக்குப் பொருந்துவது 60 நாள், 365 நாள் விதி. இன்று வரை இந்த ஆண்டில் இந்தியாவில் 135 நாள் இருந்திருக்கிறேன். விண்ணப்பத்துக்குப் பின் வெளிநாடு செல்லவில்லை; பயண அட்டவணையை இன்று வரை புதுப்பித்து இணைத்துள்ளேன் (இணைப்பு 3). வதிவாளர் நிலை ஓர் ஆண்டு முழுவதற்குமானது, நம் சட்டத்தில் பாதி ஆண்டு வதிவாளர் என்று ஒரு நிலை கிடையாது. எனவே "சான்றிதழ் வழங்கிய தேதி வரை" என்று நிறுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி நிறுத்தினால் செப்டம்பர் தவணையும் டிசம்பர் தவணையும் வெளியே விழுந்துவிடும், சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை. வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் நிலை வந்தால் உடனே தெரிவிப்பேன் என்ற உறுதிமொழி இணைப்பு 4.

அவசரத்தின் காரணம்: டிஜிடி படிவத்தைப் பதிவேற்றி ரசீது பெற்ற பிறகே நெசவாலை 10 சதவீதம் பிடிக்க முடியும். செப்டம்பர் மாதப் பிடித்தத்தை அக்டோபர் 20-க்குள் கணக்கில் காட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் சான்றிதழ் மறுபடியும் மீட்பு விண்ணப்பத்தில்தான் கொண்டுபோய் விடும். 22-09-2025-க்குள் சான்றிதழ் தேவை என்று அவர்கள் எழுதிய கடிதம் இணைப்பு 5.

மேலும் ஆவணம் ஏதேனும் குறைந்தால், எது என்று ஒரு வரி எழுத்தில் அல்லது படிவத்திலுள்ள மின்னஞ்சலுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். இரண்டு வேலை நாளில் கொண்டுவந்து தருகிறேன். மூல ஆவணங்களைப் பார்க்க விரும்பினால், தாங்கள் குறிக்கும் நாளில் கடவுச்சீட்டுடனும் ஒப்பந்தத்துடனும் நேரில் வருவேன். செப்டம்பர் 8 வரை எப்படியும் ஊரில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. கதிரேசன்

இணைப்பு: 1. விண்ணப்ப ரசீது நகல். 2. மதிப்பீட்டு ஆண்டு 2025-26 கணக்கு ஒப்புகையும் படிவம் 67 ஒப்புகையும். 3. 25-08-2025 வரையிலான பயண அட்டவணை. 4. உறுதிமொழி. 5. நெசவாலையின் கடிதம்.