ஒன்பதாம் வகுப்பு தமிழ்: ‘அற்றைத் திங்கள்’ பாடலுக்கான வகுப்புத் திட்டம்

வகுப்பு: ஒன்பது ‘ஆ’, 34 பேர்
நேரம்: இரண்டு பிரியட், தலா 40 நிமிடம் (வியாழன் மூன்றாவது, வெள்ளி முதலாவது). புதன் இரவு பௌர்ணமி.
பாடல்: புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது. திணை பொதுவியல், துறை கையறுநிலை.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றுஎறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே!

எதற்காக இந்தப் பாடல்

ஐந்தே அடி. அழுகை, கண்ணீர், துயரம் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் படித்து முடித்ததும் தொண்டை அடைக்கிறது. அந்தத் துக்கம் எந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே விரல் வைத்துக் காட்ட வேண்டும். இந்த இரண்டு பிரியடில் நான் எதிர்பார்ப்பது அதுதான். படிமம், தொனி என்ற பெயர்களை அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னால் போதும். முதலிலேயே வரையறை எழுதிப் போட்டால் அதை மனப்பாடம் செய்துவிட்டுப் பாட்டை விட்டுவிடுவார்கள்.

பாரியின் கதையை முதல் பிரியடில் சொல்லக் கூடாது. முல்லைக்குத் தேர் கொடுத்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். பெயரைச் சொன்ன உடனே அந்தக் கதைக்குள் போய்விடுவார்கள். அதனால் பாடியவர் பெயர் இல்லாமல், ஐந்து அடிகளை மட்டும் சார்ட்டில் பெரிதாக எழுதிக் கொண்டுபோகிறேன்.

முன்னதாகச் செய்ய வேண்டியது

வகுப்பில் அப்பாவை இழந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். புதன்கிழமை மதியம் தனித்தனியாகக் கூப்பிட்டு, நாளைய பாட்டு எதைப் பற்றியது என்று சொல்லிவிட வேண்டும். சொந்த வாழ்க்கையை எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை, வகுப்பில் யாரையும் பேச வைக்க மாட்டேன் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். இதை மறக்கவே கூடாது.

புதன்கிழமை வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று: ராத்திரி சாப்பிட்ட பிறகு வெளியே வந்து ஐந்து நிமிடம் நிலாவைப் பாருங்கள். அந்த வெளிச்சத்தில் தெரிந்த ஒரு பொருளை மட்டும் ரஃப் நோட்டில் எழுதி வாருங்கள்.

முதல் பிரியட்

எழுதி வந்ததைப் பத்துப் பேர் படிக்கட்டும், ஐந்து நிமிடம். அப்புறம் நான் பாட்டை இரண்டு தடவை வாசிப்பேன். முதல் தடவை கண்ணை மூடிக் கேட்க வேண்டும், இரண்டாம் தடவை சார்ட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். சொற்பொருள் சுருக்கமாக: அற்றை – அன்றைய, இற்றை – இன்றைய, எந்தை – எம் தந்தை, உடையேம் – பெற்றிருந்தோம், எறி – அறைந்த, இலம் – இல்லாதவர் ஆனோம்.

‘திங்கள்’ என்றதும் நிலா என்றுதான் சொல்வார்கள். இங்கே அது மாதம் என்று சொல்லிச் சற்று நிறுத்த வேண்டும். போன மாதப் பௌர்ணமி, இந்த மாதப் பௌர்ணமி. இரண்டு நிலாவுக்கு நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது. இது அவர்களுக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

இனி கேள்விகள். “கண்ணுக்குத் தெரிவது என்ன? காதில் விழுவது என்ன?” நிலவும் குன்றும் கண்ணுக்கு, முரசு காதுக்கு. “பாட்டில் மாறாமல் இருப்பது எது?” நிலவு மட்டும்தான். அதே வெள்ளை வெளிச்சம் அன்று வீட்டின் மேல் விழுந்தது, இன்று இழப்பின் மேல் விழுகிறது. இதைப் பிள்ளைகளே சொன்ன பிறகு கரும்பலகையில் ‘படிமம்’ என்று எழுதலாம்: ஒன்றை விளக்கிச் சொல்லாமல், பார்க்கவும் கேட்கவும் வைக்கும் சொல்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஜோடி வேலை. முதல் இரண்டு அடியையும் கடைசி மூன்று அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று கோடு போட வேண்டும். அவ்/இவ், உடையேம்/இலம் ஆகியவற்றை எல்லாரும் பிடித்துவிடுவார்கள். அப்பா முதலில், குன்று அடுத்து என்றிருந்த வரிசை பின்பாதியில் புரண்டு, அப்பா கடைசியில் வருகிறார். இதை யாராவது ஒரு ஜோடி கண்டுபிடிக்கும், காத்திருக்க வேண்டும். நானாகச் சொல்லக் கூடாது.

இரண்டாம் பிரியட்

தொனியைக் காதால்தான் கற்றுக்கொடுக்க முடியும். நான்கு பேர் முன்னால் வந்து ஒரே பாட்டை நான்கு விதமாக வாசிக்கட்டும்: கோபமாக, புலம்பலாக, செய்தி வாசிப்பதுபோல, தனக்குத்தானே மெல்லப் பேசுவதுபோல. எது பாட்டோடு பொருந்துகிறது, ஏன்? பதில் எதுவானாலும் ஒரு சொல்லைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். ‘வென்றுஎறி முரசின் வேந்தர்’ என்ற இடத்தில் கோபம் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் அதுவும் சரியே. அதில் இகழ்ச்சி இருக்கிறது என்று படிப்பவர்களும் உண்டு. நான்காம் அடி ‘எம்’ என்று தொங்கி நிற்பதைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். ‘எங்களுடைய…’ என்று சொல்லி, ஒரு மூச்சு நின்று, ‘குன்றும் கொண்டார்’. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயல் அடி மூன்று சீராகக் குறுகும் என்று இலக்கணத்தில் படித்ததை, இங்கே குரல் உடைகிற இடமாகக் கேட்கலாம்.

‘எங்கள் தந்தை இறந்தார்’ என்று பாட்டு சொல்லவே இல்லை. ‘யாம் எந்தையும் இலமே.’ நாங்கள் அப்பாவும் இல்லாதவர்கள். இறந்தவரைப் பற்றிய சொல்லாக இல்லாமல் மிஞ்சியவர்களைப் பற்றிய சொல்லாக அது இருக்கிறது. நான் இந்தப் பாட்டை எத்தனையோ வருஷமாக நடத்துகிறேன், இந்த இடத்துக்கு வரும்போது இன்னும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

இப்போது கதை, ஐந்து நிமிடம். பறம்பு மலை, அதற்குரிய முந்நூறு ஊர்கள், சூழ்ந்த வேந்தர்கள், பாரியின் நண்பர் கபிலர். போரிட்டால் இந்த மலை கிடைக்காது, ஆடியும் பாடியும் போனால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று கபிலர் பாடியதையும் (புறம் 109) சொல்ல வேண்டும். பறம்பு என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பார்கள், மேப்பில் காட்டலாம். கதை தெரிந்த பிறகு மறுபடி ஒரு தடவை வாசிப்பு, யாரும் பேசாமல்.

மீதி 15 நிமிடம் எழுத்து. மூன்றில் ஒன்று:

1. பாட்டில் உன்னை நிறுத்திய ஒரு சொல், அது ஏன் நிறுத்தியது – எட்டு வரி.
2. எல்லாம் மாறியும் மாறாமல் இருக்கிற ஒரு பொருள் (தெருமுனை வேப்பமரம், பள்ளி மணி), அதைப் பார்க்கும்போது இந்தப் பாட்டு எங்கே நினைவுக்கு வருகிறது – எட்டு வரி.
3. அன்று, இன்று என்று ஐந்து அடியில் சொந்தக் கவிதை. சோகம், அழுகை போன்ற சொற்கள் வரக் கூடாது. அடியில், பாரி மகளிரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாய் என்று இரண்டு வரி.

எழுத முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் என் மாதிரியைக் காட்ட வேண்டும். எல்லாருக்கும் காட்டினால் 34 ஆச்சி வந்துவிடுவார்கள்.

போன ஆனியில் இதே சாரல்;
திண்ணையில் ஆச்சி இருந்தாள், கதவு திறந்து கிடந்தது.
இந்த ஆனியிலும் இதே சாரல்;
கதவில் பூட்டு தொங்குகிறது,
திண்ணை நனைகிறது.

மதிப்பெண் (10)

பாட்டிலிருந்து சொல்லைக் காட்டியதற்கு 4, தொனியைக் கவனித்ததற்கு 3, சொந்தமாகச் சொன்னதற்கு 3. ‘மிகவும் அருமையான பாடல்’ என்று மட்டும் எழுதினால் குறைக்காமல், எந்த இடம் என்று ஓரத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். எழுத்துப்பிழைக்கு இந்த முறை மதிப்பெண் குறைப்பு இல்லை, பென்சிலில் திருத்தினால் போதும். விருப்பப்பட்டவர்களின் எழுத்து மட்டும் திங்கட்கிழமை வகுப்பறைச் சுவரில் ஒட்டப்படும், பெயர் போடுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.