ஊசல் ஆடிய பாடவேளை: புதிதாகக் கற்பவருக்கு எவ்வளவு வழிகாட்டல் வேண்டும்?

கொழும்பில் நான் படிப்பிக்கும் தமிழ்மொழிமூலப் பாடசாலையில், சென்ற வருடம் தரம் 8 பிள்ளைகளுக்கு நூல், ஒரு பூட்டு, ஓர் அழிறப்பர், ஒரு நிறுத்தற்கடிகாரம் கொடுத்து, "ஊசல் ஆடும் நேரம் எதில் தங்கியிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று விட்டேன். ஜன்னல் கம்பியில் கட்டி ஆட்டினார்கள். வகுப்பே கலகலப்பாக இருந்தது. பாடவேளையின் 40 நிமிடமும் முடிந்தபோது ஒரு குழு உறுதியாகச் சொன்னது: பாரமான பொருள் விரைவாக ஆடும். கொப்பியைப் பார்த்தேன். பூட்டைக் குட்டை நூலிலும் அழிறப்பரை நீள நூலிலும் கட்டியிருந்தார்கள். நூலின் நீளம் செய்த வேலையைத் திணிவின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அளவீடு சரி, முடிவு பிழை.

அன்று தப்பு என்னுடையதா, முறையுடையதா என்ற கேள்வியோடுதான் இந்த ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கினேன்.

தானே கண்டறிந்தது மனதில் நிற்கும் என்ற எண்ணத்துக்கு வலுவான குரல் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர். கண்டறிதல் பற்றிய அவருடைய கட்டுரை 1961இல் வந்தது. ஆனால் பிள்ளையைத் தனியே விட்டுவிடுங்கள் என்பது அவருடைய கட்சி அல்ல. 1976இல் வுட், ரொஸ் ஆகியோருடன் எழுதிய ஆய்வில், தெரிந்தவர் பக்கத்தில் நின்று வேலையின் பாரத்தைத் தாங்கிக் கொடுப்பதைக் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டவரும் இதே புரூனர்தான். பின்னால் வந்தவர்கள் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2004இல் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பழைய ஆய்வுகளைத் திருப்பிப் பார்த்தார். பிரச்சினை தீர்த்தல், வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற பியாஜேயின் காப்பு எண்ணக்கரு, 'லோகோ' கணினி நிரலாக்கம் என மூன்று துறைகளிலும், வெறும் கண்டறிதலைவிட வழிகாட்டலோடு கண்டறிதலே மேல் என்று வந்தது. ஒவ்வொரு தசாப்தத்திலும் அதே யோசனை புதுப் பெயரில் வந்து அதே இடத்தில் விழுகிறது என்பது அவருடைய சலிப்பு. இரண்டு வருடம் கழித்து கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் இன்னும் கடுமையாக எழுதினார்கள்: குறைந்த வழிகாட்டலோடு கற்பிப்பது, மனித நினைவகம் இயங்கும் விதத்துக்கே எதிரானது.

அந்த வாதத்தின் அச்சாணி தொழிற்படு நினைவகம். புதிய விடயங்களை ஒரே நேரத்தில் மூன்று நான்குக்கு மேல் அதில் பிடித்து வைப்பது கடினம். நன்கு தெரிந்தவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவருடைய நீண்டகால நினைவகத்தில் கட்டுக்கட்டாகக் கிடப்பவை ஒரே துண்டாக வந்து உட்காரும். என் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். நூல், பாரம், ஆட்டும் கோணம், கடிகாரத்தை எப்போது அமத்துவது, 'அலைவுகாலம்' என்ற புதுச்சொல், பக்கத்துக் குழுவின் சத்தம். இத்தனைக்கும் நடுவே ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்ற யோசனை வர இடம் எங்கே?

அந்த யோசனையையே நேரடியாகச் சோதித்தது 2004இல் வெளிவந்த க்ளார், நிகாம் ஆய்வு. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 112 பேர். சாய்தளத்தில் பந்து உருட்டி, எது தூரத்தைத் தீர்மானிக்கிறது என்று பார்க்க வேண்டும். நேரடிப் போதனை பெற்றவர்களில் 77 வீதத்தினர் மாறிகளைக் கட்டுப்படுத்தும் முறையில் தேர்ச்சி பெற்றார்கள். தாமாகவே தேடியவர்களில் 23 வீதம்தான். அடுத்த முடிவு இதைவிட முக்கியமானது என்பேன். பிறகு மற்றப் பிள்ளைகளின் விஞ்ஞானச் சுவரொட்டிகளை மதிப்பிடச் சொன்னபோது, தேர்ச்சி பெற்றவர்கள் எந்த வழியால் பெற்றிருந்தாலும் ஒரே மாதிரித்தான் செய்தார்கள். தானே கண்டறிந்ததற்குத் தனி மவுசு ஒன்றும் தெரியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 'நேரடிப் போதனை' பிரசங்கம் அல்ல. ஆய்வாளர் நல்ல பரிசோதனை, கெட்ட பரிசோதனை இரண்டையும் அமைத்துக் காட்டி, "இதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டு, ஏன் என்று விளக்கினார். பிள்ளைகளும் கையால் செய்தார்கள். நம் ஊர் டியூஷன் மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மைக்கில் பேசி டியூட் கொடுப்பதற்கு இந்த ஆய்வை ஆதாரம் காட்டுபவர்கள் அதை வாசிக்கவில்லை. யார் விளங்கிக்கொண்டார் என்று பார்க்கவே வழியில்லாத இடத்தில் என்ன வழிகாட்டல்?

ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் செய்த அட்சரகணித ஆய்வுகள் இதற்கு இன்னொரு பக்கம். செய்து காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், அதே மாதிரிக் கணக்குகளை வழமையாகப் பயிற்சி செய்தவர்களைவிட விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். ஆனால் அந்த நன்மை ஒத்த கணக்குகளோடு நின்றுவிட்டது. வகுப்பில் இதைச் செய்வது சுலபம். 3x + 7 = 22 என்பதை முதலில் முழுதாகச் செய்து காட்டு; அடுத்ததில் கடைசி வரியை விட்டுவிடு; அடுத்ததில் இரண்டு வரி. உதவி மெல்ல மெல்லக் கழன்றுவிடும்.

கழற்றாமல் விட்டால் அதுவும் கேடு. கல்யுகாவும் சகாக்களும் காட்டியபடி, தெரிந்தவருக்குத் திரும்பத் திரும்ப விளக்கினால் அந்த விளக்கமே சுமையாகி, புதியவருக்கு உதவிய முறை அவருக்குத் தடையாகிறது. ஒரே வகுப்பில் இரு சாராரும் இருப்பதுதான் ஆசிரியரின் தலைவலி.

மறுதரப்பும் சும்மா இருக்கவில்லை. ஹமெலோ-சில்வர், டங்கன், சின் மூவரும் 2007இல் பதில் எழுதினார்கள்: விசாரணை வழிக் கற்றலும் பிரச்சினை மையக் கற்றலும் வழிகாட்டல் இல்லாதவை அல்ல, நிறையச் சாரம் கட்டப்பட்டவை, அவற்றை வெறும் கண்டறிதலோடு ஒரே சாக்கில் போட்டது தவறு. சரியான ஆட்சேபம். 2011இல் அல்ஃபியெரி குழுவினர் 164 ஆய்வுகளைத் தொகுத்தபோது இரு தரப்புக்கும் ஒவ்வொரு துண்டு கிடைத்தது. குழுக்களின் வித்தியாசத்தை நியம விலகலில் அளக்கும் விளைவளவின்படி, உதவியற்ற கண்டறிதலை வெளிப்படையான போதனை 0.38 அளவால் முந்தியது. உதாரணம், பின்னூட்டல், விளக்கச் சொல்லிக் கேட்டல் ஆகியவற்றோடு கண்டறிய விட்டபோது அது மற்ற முறைகளை 0.30 அளவால் முந்தியது.

சிங்கப்பூரில் ஆய்வு செய்த மனு கபூரின் 'பயன்தரும் தோல்வி' இன்னும் சிக்கலானது. முதலில் பிள்ளைகள் தடுமாறட்டும், பிறகு கற்பிப்போம் என்பது அவர் கட்சி. அவருடைய ஆய்வுகளில் எண்ணக்கருவை விளங்குவதில் இது நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் அதை வாசித்து "பார்த்தீர்களா, கண்டறிதல் வென்றது" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே கேள்வி கவனமாகச் செதுக்கப்பட்டது. பிள்ளைகளின் அரைகுறைத் தீர்வுகளை எடுத்துவைத்து ஆசிரியர் பிறகு முறையாகக் கற்பிக்கிறார். நான் ஊசல் வகுப்பில் விட்டது அந்த இரண்டாம் பாதியைத்தான். மணி அடித்தது, அடுத்த நாள் அடுத்த அலகுக்குப் போய்விட்டேன்.

நம் ஆசிரியர் வழிகாட்டிகள் 2007 சீர்திருத்தத்தோடு, ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள் கொண்ட ஐந்து 'ஈ' மாதிரியைக் கொண்டுவந்தன. அதில் தேடலுக்குப் பிறகு விளக்கம் என்று ஒரு படி தெளிவாக இருக்கிறது. 40 நிமிடத்தில் முதலில் கத்தரிக்கப்படுவதும் அதுதான். தேடல் கண்ணுக்குத் தெரியும். மேற்பார்வைக்கு வருபவருக்கு அழகாக இருக்கும்.

இந்த வருடம் அதே பாடத்தை மாற்றிச் செய்தேன். முதல் பத்து நிமிடம் ஊசலே இல்லை. பூட்டும் குட்டை நூலும், அழிறப்பரும் நீள நூலும் என்று அந்தப் பழைய கொப்பிப் பக்கத்தைப் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதி, "இவர்கள் சொல்வதை நம்பலாமா?" என்று கேட்டேன். ஓரிருவர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நானே ஒரு சோடியைச் சரியாக அமைத்துக் காட்டி, என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தேன். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பியது: "அப்ப டீச்சர், ஒரே நூலில பூட்டையும் அழிறப்பரையும் மாத்தி மாத்திக் கட்டிப் பாப்பமா?"

நூலை எடுத்துக் கொடுத்தேன்.