நாள் சார்ட்டில் பிரேக்அவுட்: எங்கள் கணக்குக்கான விதிகள்

பல நாள் தடையாக நின்ற விலையை ஒரு பங்கு தாண்டி மேலேறுவதே பிரேக்அவுட். அப்போது வாங்குவதற்கான இந்த விதிகள் நானும் என் தங்கையும் சேர்ந்து நடத்தும் ஒரு கணக்குக்காக எழுதப்பட்டவை. போட்ட முதலீடு 5,00,000. வாங்கும் திசையில் மட்டுமே பேரம். இருவருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. ஆகவே சந்தை முடிந்தபின் சார்ட்டைப் பார்ப்போம், மறுநாள் தொடக்கத்துக்கு ஆர்டர் வைப்போம். எங்கள் வசதிக்காகத் தொடங்கிய பழக்கம்தான் இது. ஆனால் பிரேக்அவுட்டில் பணம் இழக்கவைக்கும் பெரிய தவறிலிருந்து இதுவே எங்களைக் காக்கிறது. நாளின் நடுவே விலை தடையைத் தாண்டுவது ஒரு கேள்வி மட்டுமே, அதற்கான பதில் முடிவு விலையில்தான் கிடைக்கிறது.

எதைத் தடைநிலை என்கிறோம்

ஒரு பங்கு குறைந்தது 30 வணிக நாள்கள் ஓர் எல்லைக்குள் அடங்கிக் கிடந்திருக்க வேண்டும். அந்த எல்லையின் மேல்விளிம்பை இருமுறையாவது தொட்டுத் திரும்பியிருக்க வேண்டும், இரண்டு தொடுதலுக்கும் இடையே 10 நாள்களாவது இருக்க வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் தொட்டதை இரண்டாகக் கணக்கிடுவதில்லை. மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை ஆழம் 25 சதவீதத்தைத் தாண்டினால் விட்டுவிடுகிறோம். அது இளைப்பாறல் அல்ல, காயம்.

20 நாள் உச்சத்தை வைத்து வாங்கும் முறை அந்நாளைய அமெரிக்க வர்த்தகர் ரிச்சர்ட் டோன்சியன் காலத்திலிருந்தே இருக்கிறது. 1983-இல் ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்கார்ட் என்ற இரு அமெரிக்க வர்த்தகர்கள் புதியவர்களைப் பயிற்றுவித்தபோது 20 நாள், 55 நாள் என இரண்டையும் கையாண்டார்கள். தினசரிச் சல்லடைக்கு நாங்கள் 55 நாளை எடுத்துக்கொண்டோம். 20 நாளில் சமிக்ஞைகள் மிகுதி, அவற்றைச் சலித்தெடுக்க எங்களுக்கு நேரமில்லை. சல்லடை பிடித்துத் தருவதைக் கண்ணால் பார்த்து, எல்லையைக் கோடு போட்டு உறுதிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போகிறோம். டிரேடிங்வியூ தளத்தின் பைன் ஸ்கிரிப்டில் அந்தச் சல்லடை இதுதான்.

```
//@version=5
indicator("BO55", overlay=true)
top = ta.highest(high, 55)[1]
v50 = ta.sma(volume, 50)[1]
atr = ta.atr(14)[1]
ma  = ta.sma(close, 200)
rng = high - low
a = close > top + 0.25 * atr
b = close <= top + 1.5 * atr
c = volume >= 1.5 * v50
d = rng > 0 and (close - low) >= 0.7 * rng
plotshape(a and b and c and d and close > ma, style=shape.triangleup, location=location.belowbar)
```

`[1]` என்பது நேற்று வரையிலான மதிப்பு. அதை விட்டுவிட்டால் இன்றைய உச்சமும் இன்றைய வால்யூமும் அளவுகோலுக்குள் நுழைந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

வால்யூம் உண்மையில் எதைச் சொல்கிறது

வால்யூம் கூடினால் வாங்குபவர்கள் கூடிவிட்டார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். வாங்கப்பட்ட ஒவ்வொரு பங்கும் யாரோ ஒருவரால் விற்கப்பட்டதுதானே? பழைய உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், போட்ட பணம் திரும்பினால் போதும் என்று அந்த விலைக்காகவே காத்திருக்கிறார்கள். விலை அங்கே வந்ததும் அவர்கள் விற்பார்கள். அந்த விற்பனை முழுவதையும் விழுங்கிவிட்டு விலை மேலே முடிகிறதா என்பதே கேள்வி. வால்யூம் பெரியது, முடிவு விலையும் நாளின் உச்சத்துக்கு அருகில் என்றால், தடையில் நின்றவர்களின் சரக்கு கைமாறிவிட்டது. வால்யூம் பெரியது, ஆனால் நீண்ட மேல்நிழலுடன் விலை கீழே இறங்கி முடிந்தது என்றால், பெரிய கை ஒன்று விற்றுத் தீர்த்திருக்கிறது. இரண்டு நாள்களுக்கும் வால்யூம் பட்டை ஒரே உயரம்தான். எனவே வால்யூமை முடிவு விலையின் இடத்தோடு சேர்த்தே படிக்கிறோம்.

அளவு: 50 நாள் சராசரியைப் போல் 1.5 மடங்குக்குக் குறையக் கூடாது. முடிவு விலை அன்றைய வீச்சின் மேல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எல்லையின் கடைசி 5 முதல் 10 நாள்களில் வால்யூம் சராசரிக்குக் கீழே வற்றியிருந்தால் எனக்கு நம்பிக்கை கூடுகிறது. விற்க விரும்பியவர்கள் ஏற்கெனவே விற்றுவிட்டார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதைக் கட்டாய விதியாக்கவில்லை.

காலை ஒரு மணி நேர வால்யூமைப் பெருக்கி, நாள் முழுதுக்கும் இத்தனை வரும் என்று கணிப்பது எங்களிடம் தடை. சந்தையின் தொடக்கத்திலும் முடிவிலும் வணிகம் கூடும், நடுவே தளரும். காலையின் வேகத்தை நாள் முழுவதற்கும் நீட்டினால் பெரும்பாலும் மிகையாகத்தான் வரும்.

பொய் சொல்லும் வால்யூமும் உண்டு. குறியீட்டில் பங்குகளைச் சேர்க்கும், நீக்கும் நாள், டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் முடியும் நாள், ஒரே பெரிய தொகுப்பாகப் பங்கு கைமாறிய நாள் ஆகியவற்றில் பட்டை உயரமாக இருக்கும், ஆனால் அதற்கும் தடைநிலைக்கும் தொடர்பில்லை. பங்குப் பிரிப்புக்குப் பிறகு பழைய வால்யூம் திருத்தப்படாமல் இருந்தால் ஒப்பீடே தவறு. இப்படிப்பட்ட நாள்களில் சமிக்ஞை வந்தால் மறுநாள் வாங்குவதில்லை. இரண்டாவது நாளும் தடைக்கு மேலே முடிகிறதா என்று பார்த்து முடிவெடுக்கிறோம்.

பொய்யானவற்றை வடிகட்டுவது

தடைநிலைக்குச் சற்று மேலே இரண்டு வகை ஆர்டர்கள் குவிந்து கிடக்கும். விலை இறங்கும் என்று விற்று வைத்தவர்கள் நஷ்டத்தை நிறுத்தத் திரும்ப வாங்குவதற்காக வைத்த ஸ்டாப் லாஸ் ஒன்று, தாண்டினால் வாங்கு என்று முன்கூட்டியே வைத்த ஆர்டர் மற்றொன்று. விலை அங்கே தொட்டதும் இவை ஒரே மூச்சில் நிறைவேறி விலையைத் தூக்கும். தீர்ந்ததும் பின்னால் வர ஆளில்லை என்றால் விலை சரிந்து பழைய எல்லைக்குள் விழும். பொய் பிரேக்அவுட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. கீழே உள்ள ஒவ்வொரு வடிகட்டியும் 'பின்னால் ஆள் இருக்கிறதா' என்றே கேட்கிறது.

விலை தடைநிலையைக் கால் ஏடிஆர் அளவாவது தாண்டி முடிய வேண்டும். ஏடிஆர் என்பது வெல்ஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்திய சராசரி அசைவு அளவு. நாங்கள் 14 நாள் கணக்கை எடுக்கிறோம். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று நிலையாக வைப்பதைவிட இது நேர்மையானது. அமைதியான பங்குக்கு ஒரு சதவீதம் பெரிய தாவல், துள்ளும் பங்குக்கு அது வெறும் மூச்சு. அதேபோல் 1.5 ஏடிஆருக்கு மேல் ஓடிவிட்டதைத் துரத்துவதில்லை. ஸ்டாப் லாஸ் வெகு தொலைவாகிவிடும்.

பங்கு 200 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். சந்தையின் முதன்மைக் குறியீடு 50 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். வார சார்ட்டில் மேலே வேறொரு பழைய தடை இருந்தால், அதற்கும் நம் நுழைவு விலைக்கும் இடையே நாம் ஏற்கும் இழப்பைப்போல் இரு மடங்கு இடமாவது வேண்டும். நிறுவனத்தின் காலாண்டு நிதி அறிக்கை 5 வணிக நாள்களுக்குள் வருவதாக இருந்தால் நுழைவதில்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டோம். ஒரு காலத்தில் என்னிடம் பதினொரு வடிகட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் கடந்தகாலச் சார்ட்டில் சில நஷ்டங்களை அழகாக நீக்கிக் காட்டியது. ஆனால் பெரிய லாபம் தந்தவற்றையும் அவை நீக்கியிருந்ததை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. நிராகரித்த சமிக்ஞைகளையும் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியபின்தான் அது தெரிந்தது. இப்போது தங்கை அந்தப் பக்கத்தை மாதந்தோறும் நிரப்புகிறாள்.

ஓர் உதாரணம், அளவோடு

எல்லை 44 நாள்கள். மேல் தொடுதல்கள் 248.0, 249.5, 248.8. உயர்ந்ததையே தடைநிலையாக எடுக்கிறோம்: 249.5. கீழ்விளிம்பு 218, ஆழம் ஏறத்தாழ 12.6 சதவீதம். ஏடிஆர் 5.2. எனவே 250.8-க்கு மேலே முடிய வேண்டும், 257.3-க்கு மேல் வாங்கக் கூடாது. சராசரி வால்யூம் 4,20,000.

பிரேக்அவுட் நாளில் உச்சம் 256.4, தாழ்வு 245.2, முடிவு 254.8, வால்யூம் 9,10,000. சராசரியைப்போல் 2.2 மடங்கு. முடிவு விலை வீச்சின் 86 சதவீத உயரத்தில் இருக்கிறது. எல்லாம் பொருந்துகிறது. மறுநாள் தொடக்கத்தில் 255.6-க்கு வாங்குகிறோம். ஸ்டாப் லாஸ் தடைநிலைக்கு ஓர் ஏடிஆர் கீழே, 244.3. ஒரு பங்குக்கு இழப்பு 11.3.

ஒரு பேரத்தில் இழக்கத் தயாராக இருப்பது முதலீட்டில் 0.75 சதவீதம், அதாவது 3,750. வகுத்தால் 331 பங்குகள், மதிப்பு ஏறத்தாழ 84,600. எந்தப் பங்கிலும் முதலீட்டில் 20 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை, ஒரே நேரத்தில் ஆறு பேரங்களுக்கு மேல் வைப்பதில்லை. பத்தில் ஆறு பேரங்கள் நஷ்டமாகும் முறையில் தொடர்ந்து ஆறு நஷ்டம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 4.7 சதவீதம். ஆண்டுக்கு அறுபது பேரங்கள் செய்தால் அது ஒருமுறையேனும் வரும் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். வந்தாலும் கணக்கு 4.5 சதவீத அளவுக்கே குறையும். திறப்பிலேயே விலை இடைவெளி விட்டு ஸ்டாப் லாஸுக்குக் கீழே விழுந்தால் இன்னும் சற்றுக் கூடும்.

வாங்கிய பிறகு

எந்த வடிகட்டியைவிடவும் நான் நம்புவது முதல் 5 நாள்களின் விதியை. இந்த நாள்களுக்குள் விலை தடைநிலைக்குக் கீழே முடிந்து, அன்றைய வால்யூம் சராசரிக்கு மேலாகவும் இருந்தால், ஸ்டாப் லாஸ் தொடும்வரை காத்திருக்காமல் மறுநாள் தொடக்கத்தில் வெளியேறுகிறோம். குறைந்த வால்யூமில் கீழே முடிந்தால் ஒரு நாள் தவணை. தாண்டிய தடையை மீண்டும் வந்து தொட்டுப் பார்ப்பது விலையின் இயல்பு. அந்தத் திரும்பல் வற்றிய வால்யூமில் நடந்தால் யாரும் அவசரமாக விற்கவில்லை என்று பொருள். அடுத்த நாளும் கீழேயே முடிந்தால் வெளியேறிவிடுகிறோம்.

மேலே சொன்ன பேரத்தில் மூன்றாம் நாள் 250.1, நான்காம் நாள் 248.9. வால்யூம் 2,90,000 மட்டுமே. தவணை கொடுத்தோம். ஐந்தாம் நாள் 253.7-இல் முடிந்தது. பின்னர் 20 நாள் தாழ்வு ஸ்டாப் லாஸைவிட உயர்ந்ததும் அதையே புதிய ஸ்டாப் லாஸாக்கி, அது உயர உயர நகர்த்தினோம். 291.4-இல் வெளியே வந்தோம். பங்குக்கு 35.8 லாபம், ஏற்ற இழப்பைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். லாப இலக்கு என்று எதையும் முன்கூட்டி வைப்பதில்லை. இந்த முறையின் வருமானம் சில நீண்ட ஓட்டங்களிலிருந்தே வருகிறது, அவற்றைப் பாதியில் வெட்டினால் சிறு நஷ்டங்களை ஈடுகட்ட எதுவும் மிஞ்சாது.

வெளியேறிய பங்கு மீண்டும் முயன்றால்? பொய்த்த முயற்சியின் உச்சமே அப்போது புதிய தடைநிலை. 15 வணிக நாள்களுக்குள் அதற்கு மேலே, அதே கால் ஏடிஆர், அதே 1.5 மடங்கு வால்யூமுடன் முடிந்தால் வழக்கமான அளவில் மீண்டும் வாங்குகிறோம். அதுவும் பொய்த்தால், அந்தப் பங்கு புதிதாக 30 நாள் எல்லை ஒன்றை அமைக்கும்வரை பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறோம்.